அசைன்மென்ட் முடிக்கும் நேரத்தில் கரண்ட் போனால்: கூடுதல் அவகாசம் கேட்பது எப்படி?

ஆன்லைனில் அசைன்மென்ட் கொடுக்கும்போது பெரும்பாலும் இரண்டு தேதிகள் இருக்கும். Moodle என்ற கற்றல் தளத்தில் ஒன்றுக்கு Due date என்றும் இன்னொன்றுக்கு Cut-off date என்றும் பெயர். முதல் தேதி தாண்டினாலும் கோப்பை ஏற்றலாம், ஆனால் தாமதம் என்று குறி விழும். இரண்டாவது தேதி தாண்டினால் கதவு மூடிவிடும். அதன் பிறகு ஆசிரியர் உங்கள் பெயருக்கு மட்டும் அவகாசம் நீட்டித்தால்தான் ஏற்ற முடியும்.

இப்படி ஒருவருக்கு மட்டும் நீட்டிப்பது ஆசிரியருக்கு ஓரிரு நிமிட வேலை. உங்கள் பெயருக்கு நேரே ஒரு புதிய தேதியையும் நேரத்தையும் நிரப்ப வேண்டும், அவ்வளவுதான். அதனால்தான் "கொஞ்சம் டைம் கொடுங்கள்" என்ற வேண்டுகோள் பதில் இல்லாமல் கிடந்துவிடுகிறது. அந்தக் கட்டத்தில் எதை நிரப்புவது என்று அதில் இல்லையே! எந்த நாள், எத்தனை மணி என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள்.

ஒரு உதாரணம் பார்ப்போம். கெடு வியாழன் இரவு 11:59. மாலை 4:20க்கு மின்சாரம் போகிறது. லேப்டாப் பேட்டரி 5:45 வரை தாங்குகிறது. இழந்த நேரம் கரண்ட் போன 4:20லிருந்து அல்ல, லேப்டாப் அணைந்த 5:45லிருந்துதான் தொடங்குகிறது. அதிலிருந்து கெடு வரை சுமார் ஆறேகால் மணி நேரம். மின்சாரம் எப்போது வரும் என்று தெரியாத நிலையில், போனில் சார்ஜ் இருக்கும்போதே, 6:30 மணிக்கு இப்படி எழுதலாம்:

"வணக்கம் ஐயா. இன்று மாலை 4:20 முதல் எங்கள் பகுதியில் மின்சாரம் இல்லை. 5:45க்கு என் லேப்டாப்பும் அணைந்துவிட்டது. அசைன்மென்ட்டில் முதல் மூன்று கேள்விகளை முடித்துவிட்டேன், நான்காவது பாக்கி. வெள்ளி பகல் 12 மணி வரை அவகாசம் தர வேண்டுகிறேன். வெள்ளி காலை 8 மணிக்கும் மின்சாரம் வராவிட்டால் அப்போதே தெரிவிக்கிறேன். மின்வாரியத்தின் குறுஞ்செய்தியை இணைத்துள்ளேன்."

இதில் முக்கியமானது அனுப்பிய நேரம். கெடுவுக்கு முன்னால் வந்த மெயிலும் மறுநாள் காலையில் வந்த மெயிலும் ஒன்றல்ல. பின்னதற்கு, "போன் வழியாகவாவது ஏன் சொல்லவில்லை?" என்ற கேள்வி நியாயமாகவே வரும். குறுஞ்செய்தி வராவிட்டால், மின்தடைப் புகாருக்கான தொலைபேசி எண்ணில் பதிவு செய்து, அங்கே தரும் புகார்ப் பதிவு எண்ணைக் கொடுங்கள். இருட்டான அறையைப் படம் எடுத்து அனுப்புவதால் பயனில்லை, மின்சாரம் எப்போது போனது என்பதை அது காட்டாது. கணினி கெட்டுவிட்டது, கோப்பு அழிந்துவிட்டது என்ற காரணங்களைப் பல பல்கலைக்கழகங்கள் ஏற்பதில்லை. நகல் எடுத்து வைத்திருக்க வேண்டியது மாணவரின் பொறுப்பு என்பார்கள். ஊருக்கே மின்சாரம் இல்லாதது வேறு விஷயம், அதை வேறு இடத்திலும் சரிபார்க்க முடியும்.

முடிந்தவரை செய்ததைப் போன் வழியாக ஏற்றிவிடலாமா என்று கேட்பார்கள். ஏற்றலாம், ஆனால் Draft நிலையிலேயே விடுங்கள். Submit அழுத்திவிட்டால் சில அமைப்புகளில் பிறகு திருத்த முடியாது.

நேரக் கட்டுப்பாடுள்ள வினாடிவினா என்றால் கதையே வேறு. தொடங்கிய பிறகு கரண்ட் போனாலும் கடிகாரம் நிற்காது, அது ஓடுவது சர்வரில். ஆனால் அதே சர்வரில் உங்கள் பதில்கள் எப்போது சேமிக்கப்பட்டன என்ற பதிவும் இருக்கும். உதாரணமாக, 10:22க்குத் தொடர்பு அறுந்தால், அதற்கு மேல் எதுவும் பதிவாகவில்லை என்பது ஆசிரியருக்கும் தெரியும். எனவே மெயிலில் தொடர்பு அறுந்த நேரத்தைச் சரியாகக் குறிப்பிடுங்கள், அந்தப் பதிவே உங்களுக்குச் சாட்சி. இங்கே நீங்கள் கேட்க வேண்டியது புதிய கெடுவை அல்ல, இன்னொரு முயற்சியை.

உடல்நலக் குறைவுக்கு வருவோம். ஓரிரு நாள் அவகாசத்தை ஆசிரியரே தர முடியும் என்று பல இடங்களில் விதி உண்டு. அதற்கு மேல் போனால் ஒரு குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும், மருத்துவச் சான்றும் கேட்பார்கள். சான்றில் என்ன நோய் என்பதைவிட, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வேலை செய்ய இயலவில்லை என்பதே முக்கியம். குணமான பிறகு போனால், தான் பார்க்காத நாட்களுக்குச் சான்று தர மருத்துவர் தயங்குவார். அதனால் காய்ச்சல் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள். இன்னொன்று: சில பல்கலைக்கழகங்களில் தேர்வைத் தொடங்கினாலே, எழுதும் உடல்நிலையில் இருந்ததாக ஒப்புக்கொண்டதாகிவிடும். முடியவில்லை என்றால், தொடங்கும் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

"சரி" என்று பதில் வந்ததும் அசைன்மென்ட் பக்கத்தைத் திறந்து, புதிய தேதி அங்கே தெரிகிறதா என்று பாருங்கள். மெயிலில் ஒப்புக்கொண்டவர் தளத்தில் தேதியை மாற்ற மறந்திருந்தால், நேரம் வந்ததும் தளம் கோப்பை ஏற்காது. தெரியவில்லை என்றால், அதே மெயிலுக்குப் பதிலாக ஒரு வரி எழுதிக் கேளுங்கள்.