கருப்பு மைலாஞ்சி கோன்: லேபிளில் எதைப் பார்ப்பது, கை வெந்தால் எங்கே போவது

தமிழக-கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் மருதாணி, அந்தப் பக்கம் மைலாஞ்சி. இலை ஒன்றுதான், அதன் நிறமும் ஒன்றுதான். இலையிலுள்ள லாசோன் என்ற நிறமி தோலில் ஏற சில மணி நேரம் பிடிக்கும். கழுவியதும் ஆரஞ்சாக இருக்கும், ஓரிரு நாளில் செம்பழுப்பாக மாறும். ஒருபோதும் கருப்பாகாது. அரை மணி நேரத்தில் மை போலக் கருக்கும் கோனில் வேலை செய்வது இலை அல்ல. பெரும்பாலும் அது முடிச்சாயத்தில் சேர்க்கும் பாரா-ஃபெனிலீன்டைஅமின், சுருக்கமாக பி.பி.டி. அரைத்த மருதாணி அறை வெப்பத்தில் சில நாளில் வீரியம் இழந்துவிடும். அப்படியிருக்க, கடை வாசல் வெயிலில் மாதக்கணக்கில் தொங்கியும் "உடனடிக் கருப்பு" தரும் கோனைச் சந்தேகப்பட்டே ஆக வேண்டும்.

லேபிளில் பி.பி.டி. என்றே அச்சிட்டிருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். 1,4-டைஅமினோபென்சீன், 4-அமினோஅனிலின் என்றும் அதற்குப் பெயர் உண்டு. எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படுபவர்கள் எண்ணைத் தேடலாம்: நிற எண் 76060, வேதிப்பொருள் எண் 106-50-3. இவற்றில் எது கண்ணில் பட்டாலும் அந்தக் கோன் தோலுக்கானது அல்ல.

ஆனால் பலர் ஏமாறும் இடம் வேறு. 2020ஆம் ஆண்டு அழகுசாதன விதிகள்படி உட்பொருள் பட்டியல் கட்டாயம். அதே விதியில், 30 கிராமுக்குக் குறைந்த திட, குழம்புப் பொருள்களுக்குப் பட்டியல் தேவையில்லை என்ற விலக்கும் இருக்கிறது. கடைகளில் தொங்கும் கோன்களில் பெரும்பாலானவை அந்த எடைக்குக் கீழேதான். அதனால் "பட்டியலே இல்லை" என்று மட்டும் எழுதிப் புகார் கொடுத்தால், இந்த விலக்கைக் காட்டி அலுவலகத்தில் மூடிவிடுவார்கள். மனுவில் எழுத வேண்டியது இதுதான்: ஆபத்துள்ள பொருள் சேர்ந்திருந்தால் அதன் பெயர், அளவு, எச்சரிக்கை மூன்றும் லேபிளில் இருந்தாக வேண்டும் என்று அதே விதிகள் சொல்கின்றன. தயாரிப்பாளர் பெயர், முகவரி, உரிம எண், காலாவதித் தேதி ஆகியவையும் இருக்க வேண்டும். இவற்றில் எது இல்லையோ அதைத் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள்.

ஒரு நிகழ்வை வைத்துப் பார்ப்போம். களியக்காவிளையில் வசிக்கும் அம்மா, கல்யாணத்துக்காக எல்லை தாண்டிப் பாறசாலை ஃபேன்சி கடையில் 25 கிராம் கோன் இரண்டு வாங்குகிறார். மகளுக்குப் போட்ட முதல் நாள் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் நாள் டிசைன் போட்ட கோட்டிலேயே அரிப்பு, சிவப்பு, பிறகு நீர்க்கொப்புளம். வேறெங்கும் இல்லாமல் கோட்டின் மேல் மட்டும் வருவதே முக்கிய அடையாளம். பி.பி.டி. ஒவ்வாமை தாமதமாகத்தான் தெரியும். முன்பு ஒருமுறை பட்டு உடலில் ஒவ்வாமை ஏற்கெனவே உருவாகியிருந்தால் ஒன்று முதல் மூன்று நாளில் வரும். முதல் தடவையே என்றால் ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்தும் வரலாம். "போன தடவை போட்டேன், ஒன்றும் ஆகவில்லை" என்பது பாதுகாப்பு அல்ல. அந்தப் போன தடவைதான் ஒவ்வாமையை விதைத்திருக்கும்.

கொப்புளத்தை உடைக்காதீர்கள். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய களிம்பைப் பூசாமல் தோல் மருத்துவரைப் பாருங்கள். முகம் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். சீட்டில் வெறும் "அலர்ஜி" என்று எழுதினால் அது பின்னால் உதவாது. கருப்பு மருதாணி போட்ட தேதி, அதன் பிறகு வந்த தொடுதோல் அழற்சி என்று எழுதித் தரும்படி கேளுங்கள். முதல் நாளிலேயே கேட்டால் எழுதுவார்கள், ஒரு மாதம் கழித்துக் கேட்டால் தயங்குவார்கள்.

கோபத்தில் கோனைத் தூக்கி எறிந்துவிடுவதால்தான் பாதி வழக்குகள் தொடங்கும் முன்பே முடிகின்றன. மிச்சக் கோனை உறையோடு மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். லேபிளின் எல்லாப் பக்கத்தையும் படமெடுங்கள். இரண்டாவது கோனைத் திறக்கவே திறக்காதீர்கள். யார் கேட்டாலும் இருப்பது முழுவதையும் கொடுத்துவிடாதீர்கள். "பில் இல்லையே" என்று கடைக்காரர் கை விரித்தால், ஃபோனில் பணம் கட்டிய பதிவு சான்றாகும். பில் தராததையே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 நியாயமற்ற வணிக முறை என்கிறது, அதையும் புகாரில் சேருங்கள்.

இனி அலைச்சல். உணவுப் பாதுகாப்பு அலுவலகம் "இது உணவு இல்லை" என்று அனுப்பும். நகராட்சி சுகாதார ஆய்வாளர் வேறு இடத்தைக் காட்டுவார். கோன் அழகுசாதனப் பொருள், ஆகவே பார்க்க வேண்டியவர் மருந்து ஆய்வாளர். கடை பாறசாலையில் இருப்பதால் அங்கே மாதிரி எடுக்கும் அதிகாரம் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குத்தான். நாகர்கோவிலில் மனு கொடுத்து மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். கேரளத் துறைக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். நீங்களே சோதிக்கவும் உரிமை உண்டு: மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டம் 1940, பிரிவு 26. விலைக்கு வாங்கியவர் கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரிடம் கொடுத்து, கையொப்பமிட்ட அறிக்கை பெறலாம். "பொதுமக்களிடம் நேரடியாக வாங்க மாட்டோம்" என்றால் பிரிவு எண்ணைச் சொல்லி, மறுப்பை எழுத்தில் கேளுங்கள்.

இழப்பீட்டுக்கு வழி வேறு. "கேரளத்தில் வாங்கினால் கேரளத்தில்தான் வழக்கு" என்று சொல்பவர்களை நம்பி எத்தனையோ பேர் விட்டுவிடுகிறார்கள். 2019 சட்டத்தின் பிரிவு 34 அதை மாற்றிவிட்டது. புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இந்த அம்மாவுக்கு அது நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. கணக்கில் வருவது கோனின் விலை, கேட்கும் இழப்பீட்டுத் தொகை அல்ல. வாங்கியது அம்மா, பாதிக்கப்பட்டது மகள் என்பதும் தடையில்லை. வாங்கியவர் சம்மதத்தோடு பயன்படுத்தியவரும் நுகர்வோரே. தயாரிப்பாளர் யாரென்றே தெரியாத கோன் என்றால் விற்ற கடைக்காரர் மீதே பொறுப்பு விழும். தேவைப்பட்டால் ஆணையமே மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பும், அந்தத் திறக்காத கோன் அப்போது உதவும்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லிப் பதிவெண் வாங்கியதும் வழக்குப் போட்டாயிற்று என்று இருந்துவிடாதீர்கள். அது சமரசத்துக்கான இடம். வழக்குக்கான இரண்டு ஆண்டுக் கெடு அதனால் நிற்பதில்லை.

கை ஆறியபின் சில வாரம் விட்டு, தோல் மருத்துவரிடம் ஒட்டுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். முதுகில் ஒட்டி 48 மணி நேரம் கழித்துப் பார்ப்பார்கள், ஓரிரு நாள் விட்டு மறுபடி பார்ப்பார்கள். கோன் குழம்பையே வீட்டில் தடவிப் பார்ப்பது சோதனை ஆகாது, மறுபடி புண்ணாகும். பி.பி.டி. ஒவ்வாமை உறுதியானால் அது வாழ்நாள் முழுக்க இருக்கும். அறிக்கையைப் பத்திரப்படுத்தி மகளிடமே கொடுங்கள். பல ஆண்டு கழித்து அவள் தலைக்குச் சாயம் போட உட்காரும் நாளில், டப்பாவில் 'ஹெர்பல் மெஹந்தி' என்று எழுதியிருந்தாலும், உள்ளே இதே பி.பி.டி. இருக்கலாம். அன்று வீங்குவது கண்ணும் முகமும்.