விலகல்: மதுப்பழக்க வரலாற்றில் ஒரு தலைப்பு

மருத்துவக் குறிப்பில் நோயாளியின் மது, போதைப்பொருள் பழக்க வரலாற்றை அளவு, போக்கு, விலகல், விளைவு என்று நான்கு தலைப்பில் பிரித்து எழுதுவார்கள். இவற்றில் அதிகம் குழம்புவது ‘விலகல்’. ஆங்கிலத்தில் இதற்கு வித்டிராயல். அதிலுள்ள ‘வித்’ இன்று ‘உடன்’ என்று பொருள்பட்டாலும், அதன் பழைய பொருள் ‘எதிராக, அப்பால்’. ‘டிரா’ என்றால் இழுத்தல். வங்கியில் பணம் எடுப்பதற்கும் படை பின்வாங்குவதற்கும் இதே சொல்தான். அதனால்தான் ‘பின்வாங்கல்’, ‘திரும்பப் பெறுதல்’ போன்றவை மருத்துவக் குறிப்பிலும் நுழைந்துவிடுகின்றன. இங்கே இரண்டும் பிழை. பழகிப்போன பொருள் உடம்பில் குறையும்போது உடம்பு காட்டும் எதிர்வினைதான் நாம் சொல்ல வருவது.

‘விலகு’ தன்வினை, ‘விலக்கு’ பிறவினை. மதுவிலக்கு என்பது சட்டம் செய்வது. மது விலகல் உடம்பில் நடப்பது. தனியாக ‘விலகல்’ என்று எழுதினால் குடும்பத்தை விட்டு ஒதுங்கியதாகவும் படிக்கலாம். எனவே ‘மது விலகல் அறிகுறி’ என்று முழுதாக எழுதுவதே நல்லது.

ஒரு நேர்காணல் குறிப்பைப் பார்ப்போம்: “தினமும் சாயங்காலம் 180 மில்லி பிராந்தி. காலையில் கை நடுங்கும், கொஞ்சம் ஊற்றிக்கொண்டால் நிற்கும். ஊருக்குப் போனபோது குடிக்க முடியவில்லை, மறுநாள் வலிப்பு வந்தது. வேலை போய்விட்டது. யாரோடும் பேசுவதில்லை.”

பிராந்தி 40 சதவீதம் என்றால் 180 மில்லியில் தூய ஆல்கஹால் 72 மில்லி, அதன் அடர்த்தியான 0.79 ஆல் பெருக்கினால் சுமார் 57 கிராம். இது அளவு. ஆனால் காலையில் ஊற்றிக்கொள்வது இதில் சேரவில்லை. அது எவ்வளவு என்று கேட்காவிட்டால் கணக்கு குறைந்துவிடும். தினமும், மாலையில், காலையிலும் என்பது போக்கு. வேலை போனதும் பேசாமல் ஒதுங்கியதும் விளைவு.

காலை நடுக்கமும், குடித்ததும் அது அடங்குவதும் விலகல். வலிப்பைத்தான் பெரும்பாலும் விளைவில் போட்டுவிடுகிறார்கள். கடைசியாகக் குடித்து எத்தனை மணி நேரத்தில் வந்தது என்று கேட்டால் தெளியும். நடுக்கமும் வியர்வையும் வழக்கமாக 6 முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கும். விலகல் வலிப்பு பெரும்பாலும் 6 முதல் 48 மணிக்குள். குழப்பமும் இல்லாததைக் காண்பதும் பெரும்பாலும் 2 முதல் 4 நாளில். நேரம் பொருந்தினாலும் தலைக்காயம், பழைய வலிப்பு நோய் உண்டா என்று கேட்டு எழுத வேண்டும். முன்பு விலகல் வலிப்பு வந்தவர் வீட்டில் தானாகத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. தலைப்பு மாறினால் இந்த எச்சரிக்கை அடுத்து படிப்பவர் கண்ணில் படாமல் போகும்.

“விலகல் அறிகுறி உண்டா?” என்று கேட்டால் “இல்லை” என்பார்கள். “குடிக்காத நாளில் காலையில் உடம்பு எப்படி இருக்கும்?” என்று கேட்டால் நடுக்கம் வெளியே வரும். எப்போதுமே இடைவெளி விடாதவரிடம் “இல்லை” என்று எழுதாமல், “நிறுத்திப் பார்த்ததில்லை” என்று எழுத வேண்டும்.

வேறு பொருளும் பழக்கத்தில் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் இந்த நான்கு தலைப்பும் தனித்தனி. அபின் வகை விலகலில் கொட்டாவி, கண்ணீர், மூக்கொழுகல், உடல்வலி வரும். அதை மதுவின் கீழ் எழுதினால் இரண்டுமே தவறாகிவிடும்.