நிலாப் படமும் ஒரு நிமிடமும்: வெபினார் விளம்பர வீடியோ பதிவுகளைப் பெறுவது எப்படி?

வெபினாருக்கு ஆள் சேர்க்கும் வீடியோக்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரிதான் தொடங்குகின்றன. சின்னம் சுழன்று வருகிறது, இசை எழுகிறது, ஒருவர் வணக்கம் சொல்லித் தன் பெயரையும் அனுபவத்தையும் கூறுகிறார். விஷயம் தொடங்குவதற்குள் எட்டுப் பத்து நொடிகள் போய்விடுகின்றன. யூடியூபில் தாண்டிச் செல்லக்கூடிய விளம்பரங்களுக்கு அந்தப் பொத்தான் 5 நொடியிலேயே வந்துவிடுகிறது. ஃபேஸ்புக்கில் விரல் அதைவிட வேகமாகத் தள்ளுகிறது. பேச்சாளரின் பெயரைக் கேட்கப் பார்வையாளருக்கு அந்த நேரத்தில் எந்தக் காரணமும் இல்லை. காரணம் பிறந்த பிறகு பெயரைச் சொன்னால் கேட்பார்.

இந்த வரிசைச் சிக்கலைத் தீர்ப்பதுதான் ஸ்கிரிப்டின் வேலை. ஒரு எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு பார்ப்போம். செல்போனில் நிலாவைப் படம் எடுப்பது பற்றி 45 நிமிட இலவச வெபினார் நடக்கப்போகிறது. அதற்கு ஒரு நிமிட வீடியோ வேண்டும்.

எழுதும்போது கடைசியிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. பார்ப்பவர் இறுதியில் செய்யவேண்டியது என்ன? ஒரு பொத்தானை அழுத்தி, பெயரையும் மின்னஞ்சலையும் தந்து, ஒரு குறிப்பிட்ட நாளின் மாலையை ஒதுக்கிவைப்பது. பணம் கேட்கவில்லை என்றாலும் நேரம் கேட்கிறோம். அந்த நேரத்துக்கு ஈடாக என்ன கிடைக்கும் என்பது அடுத்த கேள்வி. அதில் ஆர்வம் வரும்படி முதல் நொடியில் எதைக் காட்டுவது என்பது கடைசிக் கேள்வி. இப்படிப் பின்னோக்கி வந்தால் தொடக்கம் மற்ற பகுதிகளிலிருந்து தனித்து நிற்காது. முன்னோக்கி எழுதுகிறவர்கள் கவர்ச்சியான ஒரு வரியைப் பிடித்துவிட்டு, அதை வெபினாரோடு இணைக்கத் திண்டாடுகிறார்கள்.

துறையில் ஹூக் என்று சொல்லப்படும் அந்தத் தொடக்கம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு உளவியலில் நல்ல விளக்கம் இருக்கிறது. நடத்தைப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் லோவன்ஸ்டீன் 1994இல் எழுதிய கட்டுரையில், ஆர்வம் என்பது நமக்குத் தெரிந்ததற்கும் தெரிந்துகொள்ள விரும்புவதற்கும் இடையே உள்ள இடைவெளியை உணர்வதால் பிறக்கிறது என்றார். இதில் எளிதில் தவறவிடும் ஒரு நுட்பம் உண்டு. ஒரு விஷயத்தைப் பற்றி எதுவுமே தெரியாதவருக்கு இடைவெளியே தெரியாது. அதனால் “நீங்கள் அறியாத ஒரு ரகசியம்” என்று தொடங்குவது பலவீனமான ஹூக். பார்ப்பவர் ஏற்கெனவே கண்ட ஒன்றைக் காட்டி, அதில் விளங்காமல் இருக்கும் பகுதியைச் சுட்டவேண்டும்.

நிலா இதற்கு வசதியானது. கண்ணுக்கு அழகாகத் தெரிந்த முழுநிலா, செல்போன் படத்தில் வெறும் வெள்ளைப் பொட்டாக விழுந்த அனுபவம் ஏராளமானோருக்கு உண்டு. முதல் நொடியில் அந்த வெள்ளைப் பொட்டையே திரை நிறையக் காட்டலாம். இசையும் வேண்டாம், சின்னமும் வேண்டாம். பொட்டின் கீழே பெரிய எழுத்தில் ஒரு வரி: “உங்கள் நிலாப் படமும் இப்படித்தானா?” பலர் ஒலியை அணைத்துவிட்டுத்தான் பார்க்கிறார்கள் என்பதால், முதல் வரி காதுக்கு மட்டுமின்றிக் கண்ணுக்கும் எட்டவேண்டும். நிலாவைப் படம் எடுக்க முயன்றே இராதவர் அந்த இடத்தில் நகர்ந்துவிடுவார். அதில் நட்டமில்லை, அவர் பதிவு செய்யப்போகிறவரும் அல்ல. எல்லோரையும் நிறுத்த முயலும் ஹூக், வரவேண்டியவரையும் சேர்த்து இழக்கிறது.

அடுத்த பத்துப் பதினைந்து நொடிகளில் பலர் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள். காரணத்தைச் சொல்லிவிட்டால் வெபினாருக்கு யார் வருவார்கள் என்ற பயம் அது. உண்மையில் காரணத்தைச் சொல்வதுதான் இடைவெளியைக் கூர்மையாக்குகிறது. கேமரா தானாக ஒளியை அளக்கும்போது, படச் சட்டத்தில் பெரும்பகுதி கறுத்த வானமாக இருப்பதைக் கண்டு, காட்சி முழுவதும் இருட்டு என்று முடிவு செய்கிறது. உடனே ஒளியைக் கூட்டுகிறது. ஆனால் நிலா, சூரிய ஒளி நேராக விழும் பாறைத்தரை. அது நம் பகல் வெளிச்சத்துப் பொருளைப் போன்றது. கூட்டிய ஒளியில் அதன் விவரங்கள் வெளுத்துப்போகின்றன. இதைக் கேட்டவருக்கு உடனே அடுத்த கேள்வி எழும்: அப்படியானால் ஒளியை எப்படிக் குறைப்பது, எவ்வளவு குறைப்பது? “ஏன்” என்பதை வீடியோ தருகிறது, “எப்படி” என்பதை வெபினார் தருகிறது. பாதியை உண்மையாகவே கொடுத்துவிட்டதால், மீதியையும் இவர் கொடுப்பார் என்ற நம்பிக்கையும் வருகிறது.

இப்போது பலன்கள். வெபினாரில் என்னென்ன பேசப்படும் என்ற பட்டியல் பலன் ஆகாது. “ஒளி அளவு, குவியம், ஷட்டர் வேகம் பற்றி விளக்குவோம்” என்பது பாடத்திட்டம். வெபினார் முடிந்த அன்றிரவு அவரால் எதைச் செய்யமுடியும் என்பதே பலன். மனதில் படமாக விரியும் ஒரு செயலாக அதைச் சொல்லவேண்டும்: நிலாவின் மேல் விரலை வைத்து ஒளியைக் குறைப்பீர்கள், கரும்புள்ளிகளாகத் தெரியும் சமவெளிகள் படத்தில் விழும். மூன்று பலன்களுக்கு மேல் ஒரு நிமிடத்தில் தாங்காது, இரண்டே போதும் என்றுகூடச் சொல்வேன்.

வாக்குறுதி மிகையாவதும் இந்த இடத்தில்தான். “செல்போனிலேயே நிலாவின் பள்ளங்களைப் படம் எடுங்கள்” என்று எழுதக் கை துடிக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது எடுபடாது. வானில் நிலாவின் விட்டம் சுமார் அரை டிகிரி. செல்போனின் வழக்கமான முதன்மை லென்ஸ் ஏறத்தாழ 70 டிகிரி அகலத்தை ஒரு சட்டத்தில் பிடிக்கிறது. படம் 4000 பிக்சல் அகலம் என்றால் நிலாவுக்குக் கிடைப்பது முப்பதுக்கும் குறைவான பிக்சல்கள். அதில் பெரிய கருஞ்சமவெளிகள் மங்கலாகத் தெரியலாம், பள்ளங்கள் தெரியா. பத்து மடங்கு பெரிதாக்கும் பைனாகுலரின் கண்வில்லையில் போனை ஒட்டிப் பிடித்தால் இருநூற்றைம்பது பிக்சலைத் தாண்டும், அப்போது பெரிய பள்ளங்கள் தெரியும். அதனால் வாக்குறுதியில் பைனாகுலர் என்ற சொல் இருந்தே ஆகவேண்டும். அதை மறைத்தால் பதிவு சற்றுக் கூடலாம். வெபினாரின் பத்தாவது நிமிடத்தில் ஆட்கள் வெளியேறுவார்கள், அடுத்த அழைப்பை யாரும் திறக்கமாட்டார்கள்.

கடைசிப் பகுதி, அதாவது அழைப்பு, அளவுக்கு மீறி அலட்சியப்படுத்தப்படுகிறது. “மேலும் விவரங்களுக்குத் தொடர்பு கொள்ளுங்கள்” என்று முடியும் வீடியோ, உருவாக்கிய ஆர்வத்தை அப்படியே கரையவிடுகிறது. உளவியலாளர் ஹோவர்ட் லெவந்தாலும் சகாக்களும் 1965இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்கு நேரடியாகப் பொருந்துகிறது. யேல் பல்கலைக்கழக மாணவர்களுக்கு டெட்டனஸ் நோயைப் பற்றிய கையேடுகள் தரப்பட்டன. சிலவற்றில் அச்சமூட்டும் விவரங்கள் அதிகம், சிலவற்றில் குறைவு. அச்சம் கூடியபோது தடுப்பூசி தேவை என்ற எண்ணம் வலுத்தது. ஆனால் எண்ணம் வலுத்ததால் மட்டும் அவர்கள் போய் ஊசி போட்டுக்கொள்ளவில்லை. சிலருக்கு மட்டும் வளாகத்தின் வரைபடத்தில் மருத்துவ மையத்தைக் குறித்துக் காட்டி, எப்போது போகலாம் என்று தங்கள் வார அட்டவணையைப் பார்க்கச் சொன்னார்கள். அந்தக் குழுவில் சுமார் 28 சதவீதம் பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள். வரைபடம் இல்லாதவர்களில் சுமார் 3 சதவீதம். அந்த மையம் எங்கே இருக்கிறது என்பது மாணவர்களுக்கு முன்பே தெரியும் என்பதுதான் கவனிக்கவேண்டியது. புதிய தகவலால் அல்ல, செயலின் அடுத்த அடி துல்லியமாக வகுக்கப்பட்டதால் அவர்கள் நகர்ந்தார்கள்.

அழைப்பில் அந்த வரைபடத்தின் வேலையைச் செய்வது நாள், மணி, எந்த நாட்டு நேரம், எத்தனை நிமிடம், எந்தப் பொத்தான், அதை அழுத்தியதும் என்ன கேட்கப்படும் என்ற விவரங்கள். வேறு எதையும் அங்கே கேட்கக்கூடாது. சேனலுக்குச் சந்தா, நண்பருக்குப் பகிர்வு, பக்கத்தைப் பின்தொடர்தல் எல்லாம் சேர்ந்தால், மிக எளிதான ஒன்றைச் செய்துவிட்டு நகர்வது மனித இயல்பு. பதிவு அந்தப் பட்டியலில் எப்போதும் எளிதானது அல்ல.

இதையெல்லாம் சேர்த்தால் ஸ்கிரிப்ட் இப்படி வரும்.

திரையில் வெள்ளைப் பொட்டு. “உங்கள் நிலாப் படமும் இப்படித்தானா?”

போன் திரை, இரவு வானம். “தவறு உங்கள் கையில் இல்லை. சுற்றியிருக்கும் இருட்டைப் பார்த்துவிட்டு கேமரா ஒளியைக் கூட்டுகிறது. நிலாவோ வெயிலில் இருக்கிறது. அதனால் வெளுத்துப்போகிறது.”

விரல் திரையைத் தொடுகிறது, பொட்டில் கருஞ்சமவெளிகள் தெளிகின்றன. “இதை மாற்ற ஒரு விரல் போதும். பைனாகுலர் ஒன்றும் இருந்தால் பள்ளங்களையும் படத்தில் பிடிக்கலாம்.”

பேச்சாளர் முகம், கீழே பெயர். “இரண்டையும் நேரலையில் செய்துகாட்டுகிறேன். உங்கள் படத்தை அனுப்பினால் அங்கேயே திருத்தமும் சொல்கிறேன்.”

நாளும் மணியும் எழுத்தில், பதிவுப் பொத்தான். “அரைநிலா தெரியும் சனிக்கிழமை, மாலை 7 மணி, 45 நிமிடம், இலவசம். கீழே ‘பதிவு செய்க’ என்பதை அழுத்துங்கள். பெயரும் மின்னஞ்சலும் போதும்.”

அரைநிலா நாளைத் தேர்ந்ததற்கு அறிவியல் காரணம் உண்டு. முழுநிலாவில் ஒளி நேர்முகமாக விழுவதால் நிழல்கள் மறைகின்றன. அரைநிலாவில் ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டருகே நிழல்கள் நீள்வதால் பள்ளங்கள் எடுப்பாகத் தெரியும். அவசரத்தைக் கற்பனையாக உருவாக்க வேண்டிய தேவையே இல்லை, நாளே அதைத் தந்துவிடுகிறது. “சில இடங்களே உள்ளன” என்று பொய் சொல்வதைவிட இது எவ்வளவோ மேல்.

வார்த்தை எண்ணிக்கையில் ஒரு எச்சரிக்கை. நிமிடத்துக்கு 150 சொற்கள் என்பது ஆங்கிலத்துக்கான கணக்கு. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. அத்தனை சொற்களை எழுதினால் பேசுபவர் மூச்சுவிடாமல் ஓடுவார். கடிகாரத்தை வைத்து உரக்க வாசித்துப் பார்ப்பது ஒன்றே வழி.

வீடியோ வெளியான பிறகு எங்கே ஓட்டை என்பதை, எந்த நொடிவரை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டும் பார்வை வரைபடம் சொல்லிவிடும். முதல் மூன்று நொடிக்குள் கோடு செங்குத்தாக விழுந்தால் ஹூக்கில் கோளாறு. நடுவில் வழிந்துகொண்டே போனால் விளக்கம் நீண்டுவிட்டது, அல்லது பலன் தெளிவாக இல்லை. கடைசிவரை பார்த்தும் பொத்தானை அழுத்தவில்லை என்றால் அழைப்பு மங்கலானது. அழுத்தியும் பதிவாகவில்லை என்றால் வீடியோவை விட்டுவிட்டுப் பதிவுப் பக்கத்தைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே தொலைபேசி எண்ணும் தொழிலும் முகவரியும் கேட்கப்பட்டிருக்கும், அல்லது தலைப்பு வீடியோவில் சொன்னதிலிருந்து மாறியிருக்கும்.

இரண்டு ஹூக்குகளை ஒப்பிட விரும்பினால் மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைத்துவிட்டு முதல் ஐந்து நொடியை மட்டும் மாற்றுங்கள். சிறிய எண்களை நம்பி அவசரப்படவும் வேண்டாம். ஒவ்வொன்றையும் ஆயிரம் பேர் பார்த்து, ஒன்றில் 20 பேரும் மற்றொன்றில் 27 பேரும் பதிவு செய்ததாக வைத்துக்கொள்வோம். பார்வைக்குப் பெரிய முன்னேற்றம். ஆனால் இந்த அளவு எண்களில் ஏழெட்டு என்ற வேறுபாடு தற்செயலாகவே அடிக்கடி வரும். அதே விகிதம் பத்தாயிரம் பேரிலும் நீடித்து, 200க்கும் 270க்கும் இடையிலான வேறுபாடாக நின்றால் இரண்டாவது ஹூக்கை வைத்துக்கொள்ளலாம்.