மச்சு ஒழுகும் வாடகை வீடு: குரல்பதிவிலிருந்து கடிதம் வரை

ஐப்பசி மழை தொடங்கியதும், பாளையங்கோட்டையில் வழக்கறிஞராக இருக்கும் எனக்கு வாடகை வீட்டில் குடியிருப்போரின் குரல்பதிவுகள் வாட்ஸ்அப்பில் வந்து சேரும். வீட்டு உரிமையாளருக்குக் கடிதம் எழுதித் தர வேண்டும் என்பதே பெரும்பாலும் கோரிக்கையாக இருக்கும். எங்கள் குமாஸ்தா அதைக் கேட்டுச் சொல்லுக்குச் சொல் தட்டச்சு செய்து தருவார். அந்தப் படியின் பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழாக்குவது கடைசி வேலை. அதற்கு முன்பு, அதில் எவை கடிதத்துக்குள் வரலாம், எவை வரக் கூடாது என்று பிரித்தாக வேண்டும். பிழைகள் நேர்வது பெரும்பாலும் அந்தப் பிரிப்பில்தான்.

அடையாளங்களை நீக்கிவிட்டு ஒரு படியை இங்கே தருகிறேன்.

“வக்கீல் அண்ணாச்சி, வீட்டுக்காரர்ட்ட எத்தன தடவதான் சொல்லுறது? தீவாளிக்கு மறுநாள் மழையில நடு ரூமு மச்சு ஒழுகி, செவுரெல்லாம் ஓதம் ஏறிட்டு. அந்தச் செவுத்துல சுவிச்ச தொட்டா சுள்ளுங்குது, பிள்ளைய வச்சிக்கிட்டு பயமா இருக்கு. அடுப்படி குழாயும் சொட்டிக்கிட்டே கெடக்கு. மூணு தடவ சொல்லிட்டேன், பாப்போம் பாப்போம்ங்காவ. வாடகை வாங்க மட்டும் ஒண்ணாந்தேதி வந்துருதாவ. இந்த மாசம் வாடகை குடுக்கப் போறதில்ல. நல்லா உறைக்கிற மாதிரி ஒரு லெட்டர் போடுங்க.”

கடிதத்தைத் தொடங்குவதற்கு முன் அந்தப் பெண்ணிடம் ஒன்றைச் சொன்னேன்: மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை வரவழையுங்கள், அதுவரை அந்தச் சுவரில் யாரும் கை வைக்க வேண்டாம். ஈரச் சுவரில் மின்கசிவு இருக்கும்போது கடிதத்தின் பதிலுக்காகக் காத்திருக்க முடியாது.

அடுத்து, குறைகளைப் பிரித்தோம். வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் இரண்டாம் அட்டவணை பழுதுபார்ப்பை இரு தரப்புக்கும் பங்கிட்டிருக்கிறது. கட்டட அமைப்பு சார்ந்த பழுது, குழாய்களை மாற்றுவது, மின்கம்பி இணைப்புகளின் பராமரிப்பு ஆகியவை உரிமையாளர் பங்கு. குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கெட், வடிகால் சுத்தம் போன்றவை வாடகைதாரர் பங்கு. ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு எழுதியிருந்தால் அதையும் படிக்க வேண்டும். இந்தப் பெண்ணின் ஒப்பந்தத்தில் பழுதுபார்ப்பைப் பற்றி எதுவுமே இல்லை.

ஆகவே அடுப்படிக் குழாயைக் கடிதத்திலிருந்து எடுத்துவிட்டோம். சில ரூபாய் வாஷருக்காக அதை எழுதினால், உரிமையாளர் அதை மட்டும் பிடித்துக்கொண்டு, “இது உங்கள் வேலை” என்று பதில் எழுதிவிடலாம். மச்சைப் பற்றிய பேச்சு அதற்குள் அமுங்கிப் போகும்.

சுவிட்ச் விஷயம் இன்னும் நுணுக்கமானது. “சுவிட்ச் பழுதாகிவிட்டது” என்று எழுதினால் அது வாடகைதாரர் பங்கில் போய் விழும். வந்து பார்த்த எலக்ட்ரீஷியன், சுவிட்சில் குறையில்லை, சுவருக்குள் போகும் கம்பிக்குழாயில் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்றார். அதை அவர் சொன்னதாகவே எழுதினோம். வாடகைதாரருக்கு நேரில் தெரியாத காரணத்தைத் தாமே கண்டறிந்ததுபோல் எழுதினால், அந்த வரி பொய்யாகும்போது மற்ற வரிகளையும் நம்ப மாட்டார்கள்.

மச்சு ஒழுகியதற்கும் காரணம் கேட்டேன். மழைநீர் வடியும் துளையைச் சருகு அடைத்துத் தண்ணீர் தேங்கியிருந்தால், “வடிகாலைச் சுத்தம் செய்வது உன் பொறுப்பு” என்று மறுமொழி வரக்கூடும். “தட்டட்டிச் சாவியே அவியட்டதான இருக்கு” என்றார் அந்தப் பெண்; மொட்டைமாடிச் சாவி உரிமையாளரிடமே இருக்கிறதாம். குரல்பதிவில் இல்லாத இந்த ஒரு தகவல்தான் கடிதத்தின் மிக வலுவான வரியாக அமைந்தது.

தேதிகளுக்குப் பஞ்சாங்கத்தையும் கைப்பேசியையும் பார்த்தோம். 2025-இல் தீபாவளி அக்டோபர் 20 என்பதால் மறுநாள் 21. ஒழுகலின் படங்களும் அதே தேதியைக் காட்டின. மூன்று தடவை சொன்னதாகச் சொல்லியிருந்தாலும், வாட்ஸ்அப்பில் இரண்டு செய்திகளே இருந்தன. மூன்றாவதை நேரில் சொன்னதாகவும் தேதி நினைவில்லை என்றும் கூறினார். கடிதத்தில் இரண்டே இடம்பெற்றன.

வாடகை தர மாட்டேன் என்ற வாக்கியத்தை நீக்கச் சொன்னபோது அவருக்கு வருத்தம்தான். வாடகை நிலுவை வீட்டைக் காலி செய்யக் கோருவதற்கே காரணமாகிவிடும் என்பதை விளக்கியபின், நவம்பர் வாடகையைச் செலுத்திவிட்டார். தம் பங்குப் பழுதை உரிமையாளர் நியாயமான காலத்துக்குள் சரிசெய்ய மறுத்தால், வாடகைதாரர் தாமே சரிசெய்து அந்தச் செலவை வாடகையில் கழித்துக்கொள்ள அதே சட்டத்தின் 15-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் எந்த ஒரு மாதத்திலும் அந்த மாத வாடகையில் பாதிக்கு மேல் கழிக்கக் கூடாது. 8,000 ரூபாய் வாடகைக்கு மாதம் 4,000 ரூபாய்தான் எல்லை. முதல் கடிதத்திலேயே இதைச் சொல்லி மிரட்ட வேண்டியதில்லை. கேட்டதற்கும் மறுத்ததற்கும் எழுத்துச் சான்று சேர்ந்த பிறகுதான் இந்த வழி பயன்படும். அவர் கேட்ட உறைப்பு, தேதிகளிலேயே போதுமான அளவு இருந்தது.

கடிதத்தின் வரைவு இவ்வாறு அமைந்தது:

“நாள்: 10.11.2025

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் வீட்டின் மேல்தளத்தில் வாடகைக்குக் குடியிருந்து வருகிறேன். நவம்பர் மாதம் வரையிலான வாடகையைச் செலுத்தியுள்ளேன்.

21.10.2025 அன்று பெய்த மழையில் நடு அறையின் கூரை ஒழுகி, கிழக்குச் சுவர் முழுவதும் ஈரம் பரவியுள்ளது. இதனை 22.10.2025, 02.11.2025 ஆகிய நாள்களில் வாட்ஸ்அப் வழியாகத் தங்களுக்குத் தெரிவித்திருந்தேன். மொட்டைமாடிச் சாவி தங்களிடம் இருப்பதால், மேலே சென்று பார்க்கவோ நீர்வடி துளையைச் சுத்தம் செய்யவோ எனக்கு இயலவில்லை.

அந்தச் சுவரில் உள்ள சுவிட்சைத் தொடும்போது மின்னதிர்ச்சி உணரப்படுகிறது. சுவருக்குள் செல்லும் கம்பிக்குழாயில் நீர் இறங்கியுள்ளதாக 08.11.2025 அன்று பார்வையிட்ட எலக்ட்ரீஷியன் தெரிவித்தார். வீட்டில் சிறு குழந்தை இருப்பதால் அந்த அறையைப் பயன்படுத்தாமல் இருக்கிறோம்.

ஆகவே, தாங்கள் 17.11.2025-க்குள் நேரில் பார்வையிட்டு, கூரையையும் மின்இணைப்பையும் எந்த நாளில் சரிசெய்து தர இயலும் என்பதைத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தாங்கள் குறிப்பிடும் நேரத்தில் வீட்டில் இருப்பேன். படங்கள் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
வாடகைதாரர்”

“சரிசெய்து தரவும்” என்று பொதுவாக முடிப்பதைவிட, பார்வையிட ஒரு நாளும், வேலைக்கு ஒரு நாளும் கேட்பது நல்லது. மழைக்காலத்தில் மொட்டைமாடி ஓடுகளை மாற்ற முடியாது, மழை விட்டபின்தான் செய்ய முடியும் என்று உரிமையாளர் சொல்வது நியாயமாகவும் இருக்கலாம். மின்இணைப்பைப் பொறுத்தவரை அப்படிச் சொல்ல இடமில்லை. இரண்டுக்கும் தனித்தனி நாள் தந்தாலும் ஏற்றுக்கொள்ளும்படி அந்தப் பெண்ணிடம் சொல்லி வைத்தேன்.

கையொப்பத்துக்கு முன் கடிதத்தை அவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். ஒவ்வொரு வரியையும் நாளை யார் கேட்டாலும் தம் சொல்லாகச் சொல்ல முடிகிறதா என்று பார்ப்பதற்கே இது. “வடக்குச் செவுருல்லா அண்ணாச்சி” என்று ஒரு திருத்தம் சொன்னார்; கிழக்கு என்பதை வடக்கு என்று மாற்றினோம். பிறகு ஒப்புகையுடன் தபாலில் அனுப்பி, ஒரு படியை வாட்ஸ்அப்பிலும் அனுப்பச் செய்தேன். மூலக் குரல்பதிவை அழிக்காமல் வைத்திருக்கவும், உரிமையாளர் தொலைபேசியில் பதில் சொன்னால், “இன்ன நாளில் வருவதாகச் சொன்னீர்கள், நன்றி” என்று அன்றே ஒரு வரிச் செய்தி அனுப்பி வைக்கவும் சொல்லியிருக்கிறேன்.