அச்சை வெட்டி ஒட்டிய சலாகை வரைபு வேண்டாம்

அறிக்கைகளுக்கு வரைபு தயாரித்துக் கொடுப்பது என் வேலை. மலையகத்தில் பாடசாலைகளும் சங்கங்களும் வருடக் கணக்கை ஆயத்தமாக்கும் நாட்களில் ஒரே பிழை திரும்பத் திரும்ப வருகிறது. கடைசியாக வந்ததைப் பார்த்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை.

மழைக்குப் பாடசாலைக்குப் பின்னால் இருந்த மண்மேடு சரிந்ததால் தடுப்புச்சுவர் கட்டியிருக்கிறார்கள். இடம் தெரியாமலிருக்கத் தொகைகளை மாற்றித் தருகிறேன். சுவருக்கு 1,840 ஆயிரம் ரூபாய். ஏனைய ஆறு செலவுகள்: போட்டோகொப்பி 46, மின்சாரம் 40, விளையாட்டு 31, நூலகம் 25, மலசலகூடத் திருத்தம் 18, முதலுதவி 12 ஆயிரம். 12 சென்ரிமீற்றர் உயரத்தில் நேர்மையாக வரைந்தால் போட்டோகொப்பிச் சலாகைக்கு 3 மில்லிமீற்றர்தான் கிடைக்கும். முதலுதவிக்கு ஒரு மில்லிமீற்றர்கூடக் கிடைக்காது.

அதனால் அச்சை வெட்டிவிட்டார்கள். கீழ் 8 சென்ரிமீற்றரில் 0 முதல் 50 வரை, நடுவில் ஒரு நெளிகோடு, மேல் 4 சென்ரிமீற்றரில் 1,800 முதல் 1,850 வரை. எக்செல்லில் இதற்கு நேரடி வசதி கிடையாது. இரண்டு வரைபுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, இடையில் வெள்ளைப் பட்டை ஒட்டிச் செய்கிறார்கள். இப்போது சுவரின் சலாகை 11.2 சென்ரிமீற்றர், போட்டோகொப்பியினுடையது 7.4. காசு 40 மடங்கு, படத்தில் ஒன்றரை மடங்கு! கூட்டத்தில் ஒரு தாய் எழுந்து, "போட்டோகொப்பிக்கு மட்டும் சுவர்ச் செலவில் பாதிக்கு மேலயா?" என்று கேட்டாராம். அவர் படத்தைச் சரியாகத்தான் வாசித்திருக்கிறார்.

"நெளிகோடு போட்டிருக்கிறோமே, மேலே தொகையும் எழுதியிருக்கிறோமே, பிறகென்ன?" என்பதுதான் எல்லோரும் சொல்லும் பதில். தயவுசெய்து இதைக் கொஞ்சம் யோசியுங்கள். சலாகை வரைபில் தகவல் நீளத்தில் இருக்கிறது. இரண்டு மடங்கு நீளம் என்றால் இரண்டு மடங்கு தொகை; வாசிப்பவருடன் நாம் செய்துகொண்ட ஒப்பந்தம் அதுதான். நெளிகோடு, ஒப்பந்தத்தை மீறிவிட்டோம் என்று அறிவிக்கிறது. எவ்வளவு மீறினோம் என்று அது சொல்வதில்லை. வெட்டி எறிந்தது 50 ஆயிரமா, 1,750 ஆயிரமா? இரண்டுக்கும் அதே நெளிகோடுதான். வாசகர் அதைக் கவனித்தாலும், காணாமற்போன நீளத்தைக் கண்ணால் மீட்கவே முடியாது. தொகையைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் அட்டவணை போதும், சலாகை எதற்கு?

சரி, சின்னச் சலாகைகளும் தெரிய வேண்டும், அது நியாயமான தேவை. முதலில், அந்தப் பெரிய எண் உண்மையா என்று பற்றுச்சீட்டோடு ஒப்பிடுங்கள். பூச்சியம் ஒன்று கூடியதால் வந்த மலைகளையும் கண்டிருக்கிறேன். எண் சரியென்றால் நான் பெரும்பாலும் செய்வது இரண்டு வரைபுகள். முதலாவதில் இரண்டே சலாகைகள்: தடுப்புச்சுவர் 1,840, ஏனைய ஆறும் சேர்த்து 172. சேர்த்துவிட்டதால் சிறியது 1.1 சென்ரிமீற்றர் உயரத்துக்கு நன்றாகவே தெரியும். இரண்டாவதில் அந்த ஆறும் தனித்தனியாக, 0 முதல் 50 வரை. இதன் நிறத்தை மாற்றுங்கள், இல்லாவிட்டால் கண் இரண்டு படங்களையும் ஒரே அளவிடையில் ஒப்பிட்டுவிடும். தலைப்பிலேயே "தடுப்புச்சுவர் (1,840 ஆயிரம்) தவிர்ந்த செலவுகள்" என்று எழுதுங்கள். அடிக்குறிப்பில் எழுதினால் போதாது. யாராவது இந்தப் படத்தை மட்டும் வெட்டி வாட்ஸ்அப்பில் போடுவார்கள், அப்போது அடிக்குறிப்பு கூட வராது.

எல்லாம் ஒரே படத்தில்தான் வேண்டும் என்றால் சலாகையை மடியுங்கள். ஒரு வரிக்கு 50 ஆயிரம், 8 சென்ரிமீற்றர் நீளம், 3 மில்லிமீற்றர் தடிப்பு. சிறிய செலவுகள் ஆளுக்கொரு வரியில் அடங்கிவிடும். சுவருக்கு 36 முழு வரிகள், 37ஆவதில் 40 ஆயிரம். வரிகளை நெருக்கி அடுக்கினால் ஏறக்குறைய 11 சென்ரிமீற்றர் உயரம், A4 தாளில் தாராளமாக அடங்கும். எல்லா வரிக்கும் ஒரே தடிப்பு இருக்க வேண்டும். இங்கே ஒரு ரூபாய்கூட மறைக்கப்படவில்லை, 40 மடங்கு என்பது பார்த்த உடனேயே உறைக்கும். 1900இல் பாரிஸ் கண்காட்சிக்காக அமெரிக்கச் சமூகவியலாளர் டு போய்ஸின் குழுவினர் கையால் வரைந்த வரைபுகளிலும், தாளில் அடங்காத நீளத்தை இப்படி வளைத்தும் சுருட்டியும் காட்டியிருக்கிறார்கள். சுருளில் மட்டும் நீளத்தைக் கணிப்பது கஷ்டம், நேர் வரிகளே நல்லது. ஆயிரம் மடங்கு வித்தியாசத்துக்கு இந்த முறையும் தாங்காது, அங்கே இரண்டு வரைபுகள்தான்.

கணிதம் படித்த சிலர் உடனே, ஒவ்வொரு படிக்கும் பத்து மடங்கு கூடும் மடக்கை அளவிடை என்பார்கள். சலாகைக்கு அது வேண்டாம். மடக்கையில் பூச்சியமே இல்லை, அதனால் சலாகை எங்கே தொடங்குவது என்பது வரைபவரின் இஷ்டம். 1இல் தொடங்கினால் சுவர் போட்டோகொப்பியின் 2 மடங்கு நீளம், 10இல் தொடங்கினால் 3.4 மடங்கு. மடக்கை வாசிக்கத் தெரிந்தவர்களுக்குப் புள்ளிகளாக வைத்துக் கொடுக்கலாம். பெற்றோர் கூட்டத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.