மஞ்சள் கிட் வாங்கியவர்கள் மூன்றாம் நாள் ஏன் திரும்பிப் போக வேண்டும்?

அடிவயிற்று வலி, வெள்ளைப்படுதல் என்று அரசு மருத்துவமனைக்குப் போகும் பெண்களில் சிலருக்கு மஞ்சள் நிறப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்து அனுப்புவார்கள். மருத்துவமனையில் அதற்குப் பெயர் கிட் 6. கருப்பை, கருக்குழாய், சினைப்பை ஆகியவற்றில் கிருமி ஏறி வரும் இடுப்புக்குழி அழற்சிக்கான மருந்து அது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பான நாகோ வகுத்த முறைப்படி, மாவட்ட மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் உள்ள சுரக்ஷா கிளினிக்குகளில் இது இலவசமாகக் கிடைக்கிறது. திருமணம் ஆகியிருக்க வேண்டும், கணவர் கூட வர வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் கிடையாது.

இந்தச் சிகிச்சைக்கு மூன்று பகுதிகள். மாத்திரை முதலாவது. மூன்றாம் நாள் மறுபரிசோதனை இரண்டாவது. துணைவருக்கும் மருந்து கொடுப்பது மூன்றாவது. பெரும்பாலான வீடுகளில் முதல் பகுதியோடு கதை முடிந்துவிடுகிறது, அதுவும் வலி குறையும் வரைதான்.

ஒரு பெண்ணை வைத்து இதைப் பார்ப்போம். வயது 28, ஒரு குழந்தை, காப்பர் டி போட்டு இரண்டு ஆண்டு ஆகிறது. கணவர் பெங்களூருவில் கட்டட வேலை செய்கிறார், பதினைந்து நாளுக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவார். ஐந்து நாளாக இந்தப் பெண்ணுக்கு அடிவயிற்றில் வலி, லேசான காய்ச்சல், உடலுறவின்போதும் வலி. திங்கட்கிழமை மருத்துவமனைக்குப் போகிறார்.

அங்கே முதலில் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்ய வேண்டும். இதை யாராவது விட்டுவிட்டால் நீங்களே கேளுங்கள். கருக்குழாயில் தங்கிய கர்ப்பமும் இதே இடத்தில்தான் வலிக்கும். அது உயிருக்கு ஆபத்து, மாத்திரைக்கு அடங்காது. கர்ப்பம் இல்லை என்று தெரிந்த பிறகு மருத்துவர் உள்பரிசோதனை செய்கிறார். கருப்பை வாயை விரலால் அசைக்கும்போதோ, கருப்பையை அல்லது அதன் பக்கவாட்டை அழுத்தும்போதோ வலித்தால், வேறு காரணம் தெரியாத நிலையில், இடுப்புக்குழி அழற்சி என்று எடுத்துக்கொண்டு மருந்தைத் தொடங்கிவிடுவார்கள். ஆய்வக முடிவுக்காகக் காத்திருப்பதில்லை. பரிசோதனையில் கிருமி தெரியவில்லை என்பதால் நோய் இல்லை என்றும் ஆகிவிடாது, ஏனென்றால் மாதிரி எடுப்பது கருப்பை வாயில்; நோய் இருப்பது அதற்கு மேலே. தாமதம் ஆக ஆகக் கருக்குழாயில் தழும்பு விழும். பின்னாளில் குழந்தை தரிக்காமல் போவதற்கும், கரு குழாயிலேயே தங்குவதற்கும் அந்தத் தழும்புதான் காரணம்.

பொட்டலத்துக்குள் மூன்று மருந்துகள். செஃபிக்ஸிம் 400 மில்லிகிராம் ஒரே ஒரு வேளை. இது கொனோரியா கிருமிக்கு. டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம் காலை, இரவு என 14 நாள், இது கிளமிடியாவுக்கு. மெட்ரோனிடசோல் 400 மில்லிகிராம், அதுவும் இரு வேளை 14 நாள். காற்றில்லாத இடத்தில் வளரும் கிருமிகளுக்கு. எந்தக் கிருமி முதலில் ஏறியது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது, பல நேரம் ஒன்றுக்கு மேற்பட்டவை சேர்ந்தே இருக்கும். அதனால்தான் ஒரே மாத்திரையில் முடிப்பதில்லை. சில மருத்துவர்கள் செஃபிக்ஸிமுக்குப் பதிலாக செஃப்ட்ரியாக்ஸோன் ஊசி போடுவார்கள். கொனோரியா கிருமி மாத்திரைக்கு அடங்காமல் போவது உலகெங்கும் கூடிவருவதால், பல நாடுகளின் வழிகாட்டிகள் ஊசியையே முதலில் வைத்திருக்கின்றன. ஊசி போட்டாலும் மற்ற இரண்டு மாத்திரைகளும் 14 நாள் உண்டு.

நம் பெண் செஃபிக்ஸிமைச் செவிலியர் முன்னாலேயே விழுங்கிவிடுகிறார். மற்ற இரண்டையும் அன்று இரவு தொடங்குகிறார். ஒவ்வொன்றிலும் 28 மாத்திரை. சரியாகச் சாப்பிட்டால் இரண்டு வாரம் கழித்து வரும் திங்கட்கிழமை காலையில் முடியும்.

இந்த மாத்திரைகளை நடுவில் நிறுத்தச் செய்வது பெரும்பாலும் மெட்ரோனிடசோல்தான். வாயில் உலோகச் சுவை, குமட்டல், சிறுநீர் கருத்துப் போவது எல்லாம் வரலாம். சிறுநீரின் நிறத்தைப் பார்த்துப் பயந்து நிறுத்த வேண்டியதில்லை. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போட்டால் குமட்டல் குறையும். டாக்ஸிசைக்ளினை ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும். உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாகும். இன்னொன்று நம் ஊரில் அடிக்கடி நடப்பது: ரத்தசோகைக்குக் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையையும் இதையும் ஒன்றாகப் போட்டுக்கொள்வது. இரும்புச்சத்து டாக்ஸிசைக்ளினைப் பிடித்துக்கொண்டு உடலில் சேர விடாது. சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் நெஞ்செரிச்சல் மருந்தும் அப்படித்தான். குறைந்தது இரண்டு மூன்று மணி நேர இடைவெளி வேண்டும். இந்த இரண்டு வாரமும் இரும்புச்சத்து மாத்திரையை மதியத்துக்கு மாற்றிக்கொள்வது எளிய வழி.

இனி வியாழக்கிழமை. திங்களிலிருந்து மூன்றாம் நாள், அதாவது 72 மணி நேரம். சீட்டில் "மூன்று நாள் கழித்து வரவும்" என்று சிறிய எழுத்தில் இருக்கும். என்னைக் கேட்டால் அதைச் சிவப்பு மையில் எழுத வேண்டும். மருந்து சரியான நோய்க்குப் போயிருந்தால் மூன்று நாளுக்குள் தெளிவான முன்னேற்றம் தெரிந்தாக வேண்டும். தெரியவில்லை என்றால், மீதி மாத்திரைகளைச் சாப்பிட்டுப் பார்ப்போம் என்று காத்திருக்கக் கூடாத ஏதோ ஒன்று உள்ளே இருக்கலாம். கருக்குழாயும் சினைப்பையும் சேர்ந்து சீழ்க்கட்டி ஆகியிருக்கலாம். முதலிலேயே அது குடல்வால் அழற்சியாக இருந்திருக்கலாம். கிருமி மருந்துக்கு அடங்காததாக இருக்கலாம். இவற்றைப் பிரித்தறியத்தான் அந்த வருகை.

அன்று மருத்துவர் பார்ப்பது மூன்று விஷயம்: காய்ச்சல் விட்டதா, வயிற்றை அழுத்தினால் வலி குறைந்திருக்கிறதா, உள்பரிசோதனையில் கருப்பை வாயை அசைக்கும்போது வலி குறைந்திருக்கிறதா. வலி முழுக்கப் போயிருக்க வேண்டும் என்பதில்லை, குறைந்திருக்க வேண்டும். "பரவாயில்லையா?" என்று கேட்டு மட்டும் அனுப்பினால் அது மறுபரிசோதனை ஆகாது, மறுபடி கை வைத்துப் பார்க்க வேண்டும். நீங்களும் ஒன்று சொல்ல வேண்டும்: கடைசியாக எத்தனை மணிக்கு வலி மாத்திரை போட்டீர்கள் என்று. ஐபுப்ரோஃபன் காய்ச்சலையும் வலியையும் இரண்டையும் மறைக்கும். காலையில் அதைப் போட்டுக்கொண்டு பத்து மணிக்குப் போனால், நோய் குறைந்ததுபோல் தெரியும்.

மாத்திரைப் பட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள். திங்கள் இரவு ஒன்று, செவ்வாய், புதன் இரண்டிரண்டு, வியாழன் காலை ஒன்று என ஆறு போயிருந்தால், ஒவ்வொன்றிலும் 22 மீதி இருக்கும். நம் பெண்ணிடம் டாக்ஸிசைக்ளின் 22 இருக்கிறது, மெட்ரோனிடசோல் 26 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குமட்டலால் செவ்வாயன்றே நிறுத்திவிட்டார். வலியும் அவ்வளவாகக் குறையவில்லை. எண்ணிப் பார்க்காமல் விட்டிருந்தால் மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்திருப்பார்கள். எண்ணிப் பார்த்ததால் மருத்துவர் வாந்திக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து, உணவுக்குப் பின் போடச் சொல்லி, ஓரிரு நாளில் மறுபடி வரச் சொல்லலாம். ஒழுங்காகச் சாப்பிட்டும் குறையவில்லை என்றாலோ, மாத்திரையே வயிற்றில் தங்கவில்லை என்றாலோ உள்நோயாளியாகச் சேர்த்து, ஸ்கேன் எடுத்து, நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டும்.

காப்பர் டி பற்றிய முடிவையும் அன்றைக்கே கேட்டுவிடலாம். ஒன்றிரண்டு நாள் மருந்து உள்ளே போன பிறகு அதை எடுத்துவிடலாம் என்பது நாகோவின் முறை. நோய் குறைந்து வந்தால் எடுக்காமலே சிகிச்சையைத் தொடரலாம் என்கிறது அமெரிக்க வழிகாட்டி. எடுப்பதாக இருந்தால், அடுத்து என்ன கருத்தடை என்பதை அங்கேயே பேசி முடித்துவிட்டு வர வேண்டும்.

வியாழன் வரை காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. தாங்க முடியாத வலி, மயக்கம், ஓயாத வாந்தி, கடும் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே போக வேண்டும். கர்ப்பிணிக்கு மஞ்சள் கிட் கிடையாது; டாக்ஸிசைக்ளின் அவருக்கு ஆகாது, மருத்துவமனையில் சேர்த்துத்தான் பார்ப்பார்கள்.

கணவருக்குக் கொடுப்பது சாம்பல் நிறப் பொட்டலம், கிட் 1. அசித்ரோமைசின் 1 கிராம், செஃபிக்ஸிம் 400 மில்லிகிராம். இரண்டும் ஒரே வேளையில் முடிந்துவிடும். கடந்த இரண்டு மாதத்தில் உறவு இருந்த எல்லாத் துணைவருக்கும் இது பொருந்தும். "எனக்குத்தான் ஒன்றும் இல்லையே" என்று அவர் சொல்வார். ஆண்களிடம் கிளமிடியா பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. அவருக்கு மருந்து கொடுக்காமல் விட்டால், மனைவி 14 நாளும் சாப்பிட்டு முடித்த பின் அதே கிருமி திரும்பி வரும். மனைவியின் மாத்திரையிலேயே பாதியை அவர் எடுத்துக்கொள்வதும் நடக்கிறது. அதில் இருவருக்குமே மருந்து குறைந்துவிடும்.

இது குடும்பத்துக்குள் சந்தேகமாக மாறுவதுதான் பல பெண்கள் வாய் திறக்காததற்குக் காரணம். எல்லா இடுப்புக்குழி அழற்சியும் உடலுறவில் தொற்றுவதல்ல. பிறப்புறுப்பில் இயல்பாக இருக்கும் கிருமிகள்கூட மேலே ஏறலாம். கிளமிடியாவோ மாதக்கணக்கில் சத்தமில்லாமல் தங்கும். ஆகவே இந்த நோயை வைத்து யார், எப்போது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. கிளினிக்கில் உள்ள ஆலோசகரிடம், கணவரிடம் இதை நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள் என்று கேட்கலாம். பெண்ணின் சம்மதம் இல்லாமல் அவர்கள் துணைவரைக் கூப்பிடக் கூடாது.

நம் பெண்ணின் கணவர் பெங்களூருவில் இருக்கிறார். சீட்டு ஒன்று எழுதி வாங்கிக்கொண்டால் அவர் அங்கேயே ஒரு சுரக்ஷா கிளினிக்கில் காட்டலாம். கிட் எண்ணும் நிறமும் நாடு முழுக்க ஒன்றுதான். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 1097 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். அவர் இந்த வாரச் சனிக்கிழமையே மருந்து சாப்பிட்டால், ஏழு நாள் கழித்து அடுத்த சனிக்கிழமை அவர் பக்கம் முடியும். மனைவியின் மாத்திரை அதற்கடுத்த திங்கட்கிழமைதான் முடிகிறது, எனவே அதுவரை உறவு கூடாது. மருந்தை ஒரு வாரம் தள்ளி அடுத்த சனிக்கிழமைதான் சாப்பிட்டார் என்றால், அதிலிருந்து இன்னும் ஏழு நாள் காத்திருக்க வேண்டும். இருவரில் யார் பிந்தி முடிக்கிறாரோ அவருடைய தேதிதான் கணக்கு, அப்போது மனைவிக்கு வலியும் நின்றிருக்க வேண்டும்.

மூன்றாம் நாளோடு ஏழாம் நாளும் பதினான்காம் நாளும் வரச் சொல்வார்கள். அந்த வருகைகளில் ஒன்றில், அதே வளாகத்தில் உள்ள நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி., சிஃபிலிஸ் ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளலாம். கிட் இருப்பு இல்லை என்று கையை விரித்தால், அதே மூன்று மருந்துகளையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். பொட்டலத்தின் நிறம் எதுவானாலும் மருந்தும் நாள் கணக்கும் அதேதான்.