சந்தா 7,44,000 வந்தது, வருமானம் எவ்வளவு?

2025 மே மாதம் ஒரு மனமகிழ் மன்றத்தின் பொருளாளர் கணக்குப் புத்தகங்களோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கையெழுத்து அச்சுப் போல இருக்கும், ஒரு ரூபாய்கூடத் தவறாது. வந்து உட்கார்ந்ததுமே, "சார், போன வருஷம் சந்தா 6,78,000. இந்த வருஷம் 7,44,000. 66,000 ஏறியிருக்கு. அந்தத் தைரியத்துலதான் வாட்ச்மேன் சம்பளத்தை மாசம் 5,000 கூட்டலாம்னு கமிட்டியில பேசியிருக்கோம்" என்றார்.

நான் கேட்டது இரண்டே கேள்விகள். உறுப்பினர் எண்ணிக்கை கூடியதா? இல்லை, இரண்டு ஆண்டும் 240 பேர். சந்தாவை உயர்த்தினீர்களா? இல்லை, அதே மாதம் 250, ஆண்டுக்கு 3,000. அப்படியென்றால் இரண்டு ஆண்டுக்கும் சந்தா வருமானம் 240 × 3,000, அதாவது 7,20,000 மட்டுமே. 66,000 எங்கிருந்து ஏறும்? அவர் முகம் சட்டென்று மாறியது. பணம் வங்கியில் இருக்கிறது, ரசீதும் இருக்கிறது, பிறகு எது தவறு என்றுதான் அவருக்குப் புரியவில்லை.

பணத்தில் தவறு இல்லை. அவர் காட்டியது பெறுதல்கள் மற்றும் செலுத்தல்கள் கணக்கில் உள்ள தொகை. அந்த ஆண்டில் கைக்கு வந்த எல்லாப் பணமும், எந்த ஆண்டுக்கு உரியதாக இருந்தாலும், அதில் ஏறிவிடும். உபரியா பற்றாக்குறையா என்று சொல்வது வருவாய் மற்றும் செலவினக் கணக்கு. அதில் 2024-25க்கு உரிய சந்தா மட்டும்தான் வர வேண்டும். வந்துவிட்டதா, இன்னும் வரவில்லையா என்பது அங்கே கேள்வியே இல்லை. (இங்கே தரும் தொகைகளை, எளிதாகப் பின்தொடரும்படி முழு எண்களாக்கியிருக்கிறேன்.)

அன்று மதியம் முழுக்க ரசீது அடிக்கட்டைகளை மேசையில் பரப்பி ஆண்டுவாரியாகப் பிரித்தோம். நல்லவேளையாகப் பெரும்பாலான ரசீதுகளில் எந்தக் காலத்துக்கான சந்தா என்று அவர் எழுதி வைத்திருந்தார். 7,44,000 மூன்று கட்டாகப் பிரிந்தது. 2023-24க்கு உரிய பழைய பாக்கி 39,000, அதாவது 13 பேர் கட்டியது. நடப்பு ஆண்டுக்கு உரியது 6,30,000, 210 பேர். 2025-26க்கு முன்கூட்டியே கட்டியது 75,000, 25 பேர். அந்த 25 பேர் ஏன் திடீரென்று முன்பணம் கட்டினார்கள் என்று விசாரித்தால், ஏப்ரல் முதல் வாரம் நடக்கவிருந்த இறகுப்பந்துப் போட்டியில் புதிய ஆண்டுச் சந்தா செலுத்தியவர்களுக்கே அனுமதி என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். பணம் மார்ச் கடைசியில் குவிந்துவிட்டது.

நடப்பு ஆண்டுக்கு வந்தது 6,30,000 என்றால் வருமானமும் அதுதான் என்று நிறுத்திவிடக் கூடாது. இரண்டு தொகைகள் இன்னும் சேர வேண்டும். 12 பேர் 2024-25 சந்தாவை முந்தைய ஆண்டே கட்டிவிட்டார்கள். அந்த 36,000, 31.3.2024 இருப்புநிலைக் குறிப்பில் முன்கூட்டிப் பெற்ற சந்தா என்று பொறுப்புகள் பக்கம் நிற்கிறது. மீதி 18 பேர் ஆண்டு முடிந்தும் கட்டவில்லை. அது 54,000. 6,30,000, 36,000, 54,000 மூன்றையும் கூட்டினால் 7,20,000. 210, 12, 18 பேரைக் கூட்டினால் 240. தொகையும் தலைக்கணக்கும் ஒன்றாகப் பொருந்தினால்தான் நான் பேனாவை மூடுவேன்.

பாடப்புத்தகத்தில் இதையே வேறு வழியில் சொல்லித்தருவார்கள். வந்த ரொக்கத்தோடு ஆண்டிறுதி நிலுவையையும் ஆண்டுத் தொடக்க முன்பணத்தையும் கூட்டி, ஆண்டுத் தொடக்க நிலுவையையும் ஆண்டிறுதி முன்பணத்தையும் கழிக்க வேண்டும். பொருளாளர் மறுநாள் வீட்டில் இதைத் தனியாகப் போட்டுப் பார்த்திருக்கிறார். தொடக்க நிலுவை 54,000, இறுதி நிலுவையும் 54,000.

7,44,000 + 54,000 + 36,000 − 54,000 − 75,000 = 7,05,000

"சார், 15,000 இடிக்குது" என்று காலையிலேயே போன் வந்துவிட்டது.

இந்த 15,000தான் நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம். ஏனென்றால் பல மன்றங்களின் கணக்கில் இது யார் கண்ணிலும் படாமல் போய்விடுகிறது. தொடக்க நிலுவை 54,000ல் வசூலானது 39,000 மட்டுமே. மீதி 15,000 ஐந்து பேருடையது. 2023-24ல் ஆடுகளம் பழுதாகிச் சில மாதங்கள் மூடிக் கிடந்ததால், அந்த ஆண்டுக்குக் கட்ட மாட்டோம் என்று அவர்கள் வாதாடி வந்திருக்கிறார்கள். 2025 மார்ச்சில் குழு அதை ஏற்றுத் தள்ளுபடி செய்து தீர்மானம் போட்டுவிட்டது. அதனால் பாக்கிப் பட்டியலில் அந்தப் பெயர்கள் இல்லை. இறுதி நிலுவை 54,000 என்றே பொருளாளர் எழுதினார். தொடக்கத்தில் முழு 54,000ஐயும் கழித்துவிட்டு, தள்ளுபடியான பகுதியை இறுதியில் கூட்டாமல் விட்டதால், முந்தைய ஆண்டின் இழப்பு நடப்பு ஆண்டின் சந்தா வருமானத்தைச் சத்தமில்லாமல் 15,000 குறைத்துவிட்டது.

சரியான முறை இதுதான். தள்ளுபடிக்கு முன்பு இருந்த நிலுவையை, அதாவது 54,000த்தோடு 15,000 சேர்த்து 69,000ஐக் கூட்டினால் வருமானம் 7,20,000 வரும். பிறகு தள்ளுபடி 15,000ஐச் செலவினப் பக்கம் தனி வரியாகக் காட்ட வேண்டும். வருமானம் உருவான பிறகு வசூலில் சிக்கல் வந்தால் வருமானத்தைத் திருத்தாமல் தனியாக ஒதுக்கீடு செய்வதே பொருத்தம் என்பதுதான் வருவாய் ஏற்பு பற்றிய கணக்கியல் தரம் 9 சொல்வதும். உபரி எப்படிப் போட்டாலும் ஒன்றுதானே என்று கேட்பார்கள். ஒன்றுதான். ஆனால் 15,000ஐ விட்டுக்கொடுத்தோம் என்பது பொதுக்குழுவில் உட்கார்ந்திருக்கும் உறுப்பினருக்குத் தெரிய வேண்டும். சந்தா வரியிலேயே கரைந்துவிட்டால் அவருக்கு அது தெரியவே தெரியாது. ஒரு பொருளாளர் வசூல் செய்துவிட்டுக் கணக்கில் கொண்டுவராத பாக்கியும் இதே இடத்தில்தான் ஒளியும். அதனால் தள்ளுபடி என்றால் தீர்மானத்தின் நகலைக் கேட்காமல் நான் ஏற்பதில்லை.

அந்த ஐந்து பேர் விஷயத்தில் இன்னொன்றும் இருந்தது. 2024-25க்கு அவர்கள் ஆளுக்கு 3,000 கட்டியிருக்கிறார்கள். பழைய பாக்கி இருக்கும்போது வந்த பணத்தை முதலில் அதற்குத்தானே வரவு வைக்க வேண்டும் என்று குழுவில் ஒருவர் வாதாடினாராம். கட்டுபவர் எதுவும் சொல்லாவிட்டால் அந்த விருப்பம் மன்றத்துக்கு உண்டு. இரு தரப்பும் எதுவும் குறிக்காவிட்டால் பழைய கடனிலிருந்து வரிசையாகக் கழியும். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 60, 61ஆம் பிரிவுகள் அப்படிச் சொல்கின்றன. ஆனால் இவர்கள் "2024-25க்கு" என்று கடிதம் வைத்தே கொடுத்திருக்கிறார்கள். அப்படிக் குறிப்பிட்டுக் கொடுத்த பணத்தை மன்றம் வாங்கிக்கொண்டால் 59ஆம் பிரிவின்படி அந்த ஆண்டுக்கே வரவு வைக்க வேண்டும். பொருளாளர் செய்தது சரி. டிசம்பரில் ஒருவர் 6,000 கொடுத்து, ரசீதில் வெறுமனே 'சந்தா' என்று மட்டும் இருந்த இடத்தில்தான் நாங்கள் உறுப்பினர் பேரேட்டைத் தேடி எடுத்து, பாதி பழைய பாக்கி, பாதி நடப்பு என்று பிரித்தோம்.

முன்பணத்தில் நடக்கும் தவறு வேறு மாதிரி. மார்ச் 31ல் அதைப் பொறுப்பாகக் காட்ட எல்லோருக்கும் தெரிகிறது. அடுத்த ஏப்ரல் 1ல் அதைச் சந்தா வருமானத்துக்கு மாற்றும் குறிப்பேட்டுப் பதிவைப் போட மறந்துவிடுகிறார்கள். மறந்தாலும் இருப்பாய்வு சமனாகும், வங்கி இருப்பும் ஒத்துப்போகும். எங்குமே மணி அடிக்காது. வேறொரு மன்றத்தில் ஒரே முன்பணத் தொகை மூன்று ஆண்டுகளாக அசையாமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் மன்றத்தின் இரண்டு ஆண்டு இருப்புநிலைக் குறிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முன்கூட்டிப் பெற்ற சந்தா இரண்டிலும் அதே தொகையாக இருந்தால், அந்தப் பதிவு விட்டுப்போயிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

நிலுவையையும் முன்பணத்தையும் ஒன்றோடொன்று கழித்து ஒரே தொகையாகக் காட்டுவதும் உண்டு. இங்கே நிலுவை 54,000, முன்பணம் 75,000. கழித்துவிட்டு 21,000 பொறுப்பு என்று போட்டால் பாக்கிக்காரர்கள் 18 பேரும் கணக்கிலிருந்து மறைந்துவிடுவார்கள். ஒருவர் கட்டிய முன்பணம் இன்னொருவரின் பாக்கியைத் தீர்க்காது. நிலுவை சொத்துகள் பக்கம், முன்பணம் பொறுப்புகள் பக்கம், தனித்தனியாகவே நிற்க வேண்டும்.

240 × 3,000 என்ற சரிபார்ப்புக்கும் ஓர் எல்லை உண்டு. அக்டோபரில் சேர்ந்தவருக்கு ஆறு மாதம், 1,500 மட்டுமே. துணைவிதிப்படி பெயர் நீக்கப்பட்டவருக்கு, நீக்கிய தேதிக்குப் பிறகு சந்தா எழுதக் கூடாது. ஆளே இல்லாத பெயர்களைப் பட்டியலில் வைத்துக்கொண்டு ஆண்டுதோறும் நிலுவை ஏற்றினால், வராத பணம் வருமானமாகத் தெரியும். நுழைவுக் கட்டணமும் ஆயுள் சந்தாவும் இந்தக் கணக்கில் கலக்கவே கூடாது, அவை தனி.

வாட்ச்மேன் சம்பளத்துக்கு வருவோம். ஆண்டுக்கு 60,000 கூடுதல் செலவு. அதற்கு நம்பியிருந்த 66,000 வருமானம் இல்லை. அடுத்த ஆண்டின் 75,000ஐ முன்னாலேயே வாங்கியாயிற்று, அந்த 25 பேரிடமிருந்து 2025-26ல் ஒரு பைசா வராது. மற்ற 215 பேரும் ஒழுங்காகக் கட்டி, பாக்கி 54,000மும் முழுக்க வசூலாகி, புதிதாக யாரும் முன்பணம் கட்டாவிட்டால் அந்த ஆண்டு கைக்கு வருவது 6,99,000. இதைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். வாட்ச்மேனுக்குச் சம்பளம் கூட்டியே ஆக வேண்டும் என்பதில் பொருளாளர் உறுதியாக இருந்தார், எனக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை.

ஜூன் மாதப் பொதுக்குழுவில் அந்தக் காகிதத்தை அவரே வாசித்தார். 2025 ஜூலை 1 முதல் சந்தா 250லிருந்து 275 ஆனது, சம்பள உயர்வும் அதே நாளிலிருந்து. முன்பே முழு ஆண்டுக்கும் கட்டிவிட்ட 25 பேரிடம் வித்தியாசம் கேட்பதில்லை என்று முடிவானது. ஆக 215 பேருக்கு ஒன்பது மாதம், மாதம் 25 வீதம் 48,375 கூடுதல் வருமானம். சம்பள உயர்வு ஒன்பது மாதத்துக்கு 45,000. 2025-26 கணக்கு வரும்போது சந்தா வரியில் 7,68,375 இருக்கிறதா என்று பார்க்க, கோப்பின் முதல் பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். யாராவது புதிதாகச் சேர்ந்தாலோ விலகினாலோ மட்டும் அந்த எண் மாறும். ரசீது புத்தகத்துக்கு அவர் புதிதாக ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்துகொண்டார்: 'சந்தா காலம் ______ முதல் ______ வரை'.